ஏழு கொட்டை, ஐந்து குடும்பம்

ஏழு புளியங்கொட்டைகளை எடுத்துத் தரையில் போடுங்கள். அவற்றைக் குவியல் குவியலாகப் பிரிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே குவியலாக விட்டுவிடலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியே வைத்து ஏழு குவியல் ஆக்கலாம். நான்கு, இரண்டு, ஒன்று என்றும் வைக்கலாம். எந்தக் குவியல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது கணக்கில் இல்லை. குவியல்களின் அளவு மட்டுமே கணக்கு. அப்படியானால் மொத்தம் எத்தனை விதமாகப் பிரிக்கலாம்?

பொறுமையாக உட்கார்ந்து எழுதினால் 15 என்று விடை வரும். முதல் தடவை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது ஓரிடத்தில்தான்: 4+3 என்று ஒரு தடவை எழுதிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து 3+4 என்று மறுபடியும் எழுதிவிடுவார்கள். வரிசை மாறினால் வேறு என்று எண்ணிக்கொண்டே போனால் 64 வரை போய்விடும். இதைத் தவிர்க்க ஒரு பழக்கம் போதும். பெரிய குவியலை முதலில் எழுதி, சிறியதை நோக்கி இறங்கி வாருங்கள். அப்போது ஒவ்வொரு விதத்துக்கும் ஒரே ஒரு எழுத்துவடிவம்தான் இருக்கும். கணிதத்தில் இதற்குப் பெயர் பிரிவினை. 4+2+1 என்பது 7இன் ஒரு பிரிவினை.

இப்போது இரண்டு நிபந்தனைகளைத் தனித்தனியே போட்டுப் பார்ப்போம். முதலாவது, எல்லாக் குவியல்களும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். ஒரே அளவு எத்தனை தடவை வந்தாலும் பரவாயில்லை. அப்படிப்பட்டவை: 7, 5+1+1, 3+3+1, 3+1+1+1+1, பிறகு ஏழு ஒன்றுகள். மொத்தம் 5. இரண்டாவது, ஒற்றை இரட்டை எதுவாகவும் இருக்கலாம், ஆனால் எந்த இரண்டு குவியலும் ஒரே அளவில் இருக்கக்கூடாது. அவை: 7, 6+1, 5+2, 4+3, 4+2+1. இதுவும் 5.

தற்செயலாக இருக்கலாம். எட்டுக் கொட்டைகளுக்குப் பாருங்கள். ஒற்றைப்படைக் குவியல்களாக 7+1, 5+3, 5+1+1+1, 3+3+1+1, 3+1+1+1+1+1, எட்டு ஒன்றுகள் என்று 6 விதம். வெவ்வேறு அளவுகளாக 8, 7+1, 6+2, 5+3, 5+2+1, 4+3+1 என்று அதே 6. ஒன்பதுக்கு இரு பக்கமும் 8. பத்துக்கு இரு பக்கமும் 10.

இந்த இடத்தில் நிறுத்தி, "ஆக, எப்போதும் சமம்" என்று எழுதிவிட மனம் துடிக்கும். பிரிவினைகளின் உலகத்தில் அது ஆபத்து. 2, 3, 4, 5, 6 ஆகிய எண்களின் மொத்தப் பிரிவினைகளை எண்ணினால் முறையே 2, 3, 5, 7, 11 என்று வரும். அத்தனையும் பகா எண்கள், அதுவும் ஒன்றுவிடாமல் வரிசையாக. இதைக் கண்டவர் யாராக இருந்தாலும் அடுத்தது 13 என்றுதான் பந்தயம் கட்டுவார். ஆனால் ஏழுக்கு வருவது 15. ஐந்து தடவை பொருந்தியது ஆறாவது தடவை உடைந்துபோகிறது. ஆகவே ஒற்றைப்படையும் வெவ்வேறும் சமம் என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். எண்ணிப் பார்த்தது போதாது.

இந்தக் கேள்விகளுக்குள் லெயோனார்ட் ஆய்லரை இழுத்துவந்தது ஒரு கடிதம். 1740இல் பெர்லினிலிருந்து பிலிப் நோதே என்ற கணித ஆசிரியர், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஆய்லருக்கு எழுதிக் கேட்டார்: 50 என்ற எண்ணை ஒன்றுக்கொன்று வேறான ஏழு எண்களின் கூட்டாக எத்தனை விதமாக எழுதலாம்? விடை 522. ஒவ்வொன்றாக எழுதி எண்ணிக் கண்டுபிடிக்கிற விடை இல்லை இது. அதற்காக ஆய்லர் உருவாக்கிய முறையிலிருந்துதான் ஒற்றைப்படைக்கும் வெவ்வேறுக்கும் உள்ள சமமும் வெளிவந்தது. 1748இல் வெளியான அவருடைய புகழ்பெற்ற இலத்தீன் நூலில் பிரிவினைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது.

ஆய்லரின் முறைக்குப் பிறகு வருவோம். அவருக்கு நூறாண்டுகளுக்குப் பிறகு வந்த ஒரு படத்தை முதலில் பார்த்துவிடலாம். அந்தப் படம் இல்லாமல் பிரிவினைகளைப் பற்றிப் பேசுவது எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு பேசுவது போல் இருக்கிறது.

குவியல்களைக் கலைத்து வரிசைகளாக அடுக்குங்கள். பெரியது மேலே, சிறியது கீழே. எல்லாம் இடப்பக்கம் ஒட்டி. 4+2+1 இப்படி இருக்கும்:

```
● ● ● ●
● ●
●
```

இதுதான் ஃபெரர்ஸ் படம். நார்மன் மெக்லவுட் ஃபெரர்ஸ் கேம்பிரிட்ஜைச் சேர்ந்தவர். இந்த யோசனையை உலகறியச் செய்தவர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர். 1853இல் அச்சிட்டபோது, இது ஃபெரர்ஸுடையது என்று சொல்லியே அச்சிட்டார். அப்போது ஃபெரர்ஸுக்கு வயது இருபத்து நான்குக்கும் மேல் இருக்காது.

படத்தின் பலன், அதை இரண்டு விதமாகப் படிக்கலாம் என்பது. குறுக்கே படித்தால் 4, 2, 1. மேலிருந்து கீழாக, நிரை நிரையாகப் படித்தால் 3, 2, 1, 1. அதே ஏழு புள்ளிகள், வேறொரு பிரிவினை. குறுக்கு வரிசைகளை நெடுக்கு நிரைகளாகக் கவிழ்த்துவிட்டோம், அவ்வளவுதான். இன்னொரு தடவை கவிழ்த்தால் பழையது திரும்பி வந்துவிடும்.

திரும்பி வருகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. படத்தில் மூன்று வரிசை இருந்தால், கவிழ்த்த பிறகு முதல் வரிசையின் நீளம் மூன்று. ஆகவே ஏழை மூன்று குவியலாகப் பிரிக்கும் விதங்களும், மிகப் பெரிய குவியல் மூன்றாக இருக்கும்படி பிரிக்கும் விதங்களும் சம எண்ணிக்கையில்தான் இருந்தாக வேண்டும். சரிபாருங்கள். மூன்று குவியல்: 5+1+1, 4+2+1, 3+3+1, 3+2+2. பெரியது மூன்று: 3+3+1, 3+2+2, 3+2+1+1, 3+1+1+1+1. இரு பக்கமும் நான்கு. ஒரு பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் மறுபக்கத்தில் ஒரு ஜோடி இருக்கிறது. யாரும் தனியாக நிற்கவில்லை, ஒருவருக்கு இரண்டு ஜோடியும் இல்லை. கல்யாணப் பந்தியில் எத்தனை பேர், எத்தனை இலை என்று தனித்தனியே எண்ணாமலேயே, ஆளுக்கு ஓர் இலை, இலைக்கு ஓர் ஆள் என்று கண்டால் இரண்டும் சமம் என்று சொல்லிவிடுகிறோமே, அதே நியாயம்.

நோதேயின் கேள்விக்கும் இந்தப் படம் உதவும். வெவ்வேறு நீளமுள்ள ஏழு வரிசைகளில், கடைசி வரிசையை அப்படியே விட்டு, அதற்கு மேலுள்ளதிலிருந்து ஒரு புள்ளி, அதற்கும் மேலுள்ளதிலிருந்து இரண்டு என்று முதல் வரிசையில் ஆறு வரை எடுத்துவிடுங்கள். படிக்கட்டு வடிவில் 21 புள்ளிகள் போய்விடும். மீதி 29 புள்ளிகள், அதே ஏழு வரிசைகளில். ஆனால் இப்போது சம நீளம் வரலாம். படிக்கட்டைத் திருப்பி வைத்தால் பழைய படம் கிடைக்கும். ஆகவே 50ஐ வெவ்வேறான ஏழாகப் பிரிப்பதும், 29ஐ எப்படியும் ஏழாகப் பிரிப்பதும் ஒரே எண்ணிக்கை. "வெவ்வேறு" என்ற கடினமான நிபந்தனை கழன்றுவிட்டது.

இத்தனை செய்கிற படம், ஒற்றைப்படைப் பிரிவினையைக் கவிழ்த்தால் வெவ்வேறு அளவுகளைக் கொடுத்துவிடும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நானும் அப்படித்தான் முதலில் முயன்றேன். 3+3+1ஐக் கவிழ்த்தால் 3+2+2 வருகிறது. அது ஒற்றைப்படையும் இல்லை, வெவ்வேறும் இல்லை. 5+1+1ஐக் கவிழ்த்தால் 3+1+1+1+1. மறுபடியும் ஒற்றைப்படையிலேயே வந்து நிற்கிறோம். வெறுமனே கவிழ்ப்பது இங்கே செல்லாது. ஜோடி சேர்க்க வேறு விதி வேண்டும்.

அந்த விதியை 1883இல் கேம்பிரிட்ஜின் ஜே. டபிள்யூ. எல். கிளெய்ஷர் கொடுத்தார். அதற்குப் படம்கூடத் தேவையில்லை, கொட்டைகள் போதும். சம அளவில் இரண்டு குவியல் கண்ணில் பட்டால், இரண்டையும் ஒன்றாக்கு. மறுபடியும் பார். மறுபடியும் ஒன்றாக்கு. சமக் குவியல்கள் இல்லாமல் போகும்வரை செய்.

ஒவ்வொரு சேர்ப்பிலும் குவியல்களின் எண்ணிக்கை ஒன்று குறைவதால் இது எப்படியும் ஒரு கட்டத்தில் நின்றே தீரும். நின்றபோது எல்லாம் வெவ்வேறு அளவாக இருக்கும். ஏழு ஒன்றுகளில் தொடங்கினால் மூன்று ஜோடிகள் சேர்ந்து 2+2+2+1. பிறகு இரண்டு இரண்டுகள் சேர்ந்து 4+2+1. அங்கே நின்றுவிடும். 3+1+1+1+1இலிருந்து 3+2+2, பிறகு 4+3. அதேபோல 3+3+1, 6+1 ஆகும். 5+1+1, 5+2 ஆகும். 7 அப்படியே 7. ஐந்து ஒற்றைப்படைப் பிரிவினைகளும் ஐந்து வெவ்வேறு பிரிவினைகளில் போய் இறங்கிவிட்டன, ஒன்றில் இரண்டு விழாமல்.

திரும்பி வரும் வழி இதைவிட எளிது. இரட்டைப்படைக் குவியல் எதைக் கண்டாலும் சரிபாதியாகப் பிரி. ஒற்றைப்படை ஆகும்வரை பிரித்துக்கொண்டே போ. 4+2+1இல் நான்கு இரண்டிரண்டாகி, அவை ஒன்றொன்றாகி, கடைசியில் ஏழு ஒன்றுகளும் திரும்பிவிடும்.

கொஞ்சம் பெரிய உதாரணத்தில் பார்த்தால் விதியின் உள்கட்டுமானம் தெரியும். 42 கொட்டைகள் இப்படிக் கிடக்கின்றன: 9 ஒரு தடவை, 5 மூன்று தடவை, 3 நான்கு தடவை, 1 ஆறு தடவை. ஒன்பதுக்கு இணை இல்லை, அது அப்படியே நிற்கும். மூன்று ஐந்துகளில் இரண்டு சேர்ந்து 10 ஆகும், ஒன்று 5ஆகவே மிஞ்சும். நான்கு மூன்றுகள் 6+6 ஆகி 12 ஆகும். ஆறு ஒன்றுகள் 2+2+2 ஆகி, 4+2 ஆகும். முடிவு 12+10+9+5+4+2. கூட்டினால் 42, எல்லாம் வெவ்வேறு.

இதில் கவனிக்க வேண்டியது, ஐந்திலிருந்து பிறந்த குவியல்களும் மூன்றிலிருந்து பிறந்த குவியல்களும் ஒருபோதும் மோதிக்கொள்ளவில்லை என்பது. மோத முடியாது. ஐந்தின் வம்சம் 5, 10, 20, 40 என்று இரட்டித்துப் போகும். மூன்றின் வம்சம் 3, 6, 12, 24. எந்த எண்ணை எடுத்தாலும் பாதி பாதியாக்கிக்கொண்டே போனால் ஒரே ஒரு ஒற்றைப்படை எண்ணில்தான் முடியும். அதுதான் அதன் குலமுதல்வர். 12ஐப் பார்த்தவுடன் இது மூன்றின் வாரிசு என்றும், அதற்குள் நான்கு மூன்றுகள் இருக்கின்றன என்றும் சொல்லிவிடலாம். ஒரு வம்சத்துக்குள் நடப்பது வேறெதுவும் இல்லை: மூன்று ஐந்துகளை 2+1 என்றும், ஆறு ஒன்றுகளை 4+2 என்றும் எழுதுகிறோம். எந்த எண்ணையும் 1, 2, 4, 8, 16 ஆகிய எண்களில் ஒவ்வொன்றையும் அதிகம் போனால் ஒரு தடவை பயன்படுத்தி ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். கணினி எண்களைச் சேமித்து வைக்கும் ஈரடிமான முறை இதே உண்மையின் மேல்தான் நிற்கிறது. எந்த ஜோடியை முதலில் சேர்த்தாலும் முடிவு மாறாததற்குக் காரணமும் இதுவே.

ஓர் எச்சரிக்கை. சேர்க்கும் விதியை ஒற்றைப்படைப் பிரிவினையில் தொடங்கினால்தான் அது ஒன்றுக்கொன்றாக ஜோடி சேர்க்கும். 2+2+2+1இல் தொடங்கினாலும் 4+2+1இல்தான் போய் நிற்கும். 4+1+1+1இல் தொடங்கினாலும் அதுவேதான். பல வழிகள் ஓரிடத்தில் கூடுகின்றன. முதலில் இது விதியின் குறை போலத் தோன்றும். ஆனால் இந்தக் கூடலையே உற்றுப் பார்த்தபோதுதான் தேற்றம் எனக்கு உண்மையில் புரிந்தது.

ஏழின் 15 பிரிவினைகளையும் எடுத்து, சேர்த்தும் பிரித்தும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக முடிந்தவற்றை ஒரே குடும்பமாக வையுங்கள். 7 தனி ஆள். 5+1+1உம் 5+2உம் ஒரு குடும்பம். 3+3+1உம் 6+1உம் இன்னொன்று. நான்காவது குடும்பத்தில் 3+1+1+1+1, 3+2+1+1, 3+2+2, 4+3 என நால்வர். மீதி ஆறும் ஏழு ஒன்றுகளின் குடும்பம்: ஏழு ஒன்றுகள், ஓர் இரண்டும் ஐந்து ஒன்றும், இரண்டு இரண்டும் மூன்று ஒன்றும், 2+2+2+1, 4+1+1+1, கடைசியாக 4+2+1. கூட்டிப் பாருங்கள்: 1+2+2+4+6, பதினைந்தும் வந்துவிட்டன. குடும்பங்கள் ஐந்து. ஒவ்வொரு குடும்பத்திலும் முற்றிலும் உடைந்தது ஒன்றே ஒன்று. இனி உடைக்க இரட்டைப்படை இல்லாததால் அது ஒற்றைப்படைப் பிரிவினை. முற்றிலும் சேர்ந்ததும் ஒன்றே ஒன்று. இனி சேர்க்கச் சமம் இல்லாததால் அது வெவ்வேறு பிரிவினை. ஒற்றைப்படைப் பிரிவினைகளை எண்ணியவரும் வெவ்வேறு பிரிவினைகளை எண்ணியவரும் ஒரே குடும்பங்களைத்தான் எண்ணியிருக்கிறார்கள், ஒருவர் இந்த முனையிலிருந்து, மற்றவர் அந்த முனையிலிருந்து.

ஆய்லர் இந்த வழியில் வரவில்லை. அவர் பெருக்கலில் எண்ணினார். கீழே உள்ளதைப் பாருங்கள்:

(1 + x)(1 + x²)(1 + x³)(1 + x⁴)…

ஒவ்வொரு அடைப்புக்குறியும் ஒரு கேள்வி. மூன்றாவது அடைப்புக்குறி, "மூன்று கொட்டைக் குவியல் உண்டா?" என்று கேட்கிறது. 1ஐ எடுத்தால் இல்லை. X³ஐ எடுத்தால் உண்டு. பெருக்கும்போது அடுக்குகள் கூடும் என்பது பள்ளியில் படித்ததுதான்: x⁴, x², x மூன்றையும் பெருக்கினால் x⁷. ஆகவே எல்லாவற்றையும் பெருக்கி விரித்தால், x⁷ எத்தனை தடவை வருகிறதோ அத்தனை வெவ்வேறு பிரிவினைகள் ஏழுக்கு உண்டு. முடிவில்லாத அடைப்புக்குறிகள் இருக்கின்றனவே என்று தயங்க வேண்டாம்; x⁷ வேண்டுமென்றால் எட்டாவதிலிருந்து எல்லாவற்றிலும் 1ஐத்தான் எடுக்க முடியும். வேலை ஏழு அடைப்புக்குறிகளோடு முடிந்துவிடும்.

ஒற்றைப்படைக்கு அடைப்புக்குறிகள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் நீளம், ஏனென்றால் ஒரே அளவு பல தடவை வரலாம். மூன்று கொட்டைக் குவியலுக்கு 1 + x³ + x⁶ + x⁹ + … என்று போகும்: ஒன்றுமில்லை, ஒரு மூன்று, இரண்டு மூன்று, மூன்று மூன்று. இந்தப் பெருக்குத் தொடரின் கூட்டு 1/(1 − x³). ஆகவே ஒற்றைப்படைப் பிரிவினைகள் எல்லாம் 1/(1 − x), 1/(1 − x³), 1/(1 − x⁵) என்று போகும் பின்னங்களின் பெருக்கலில் அடங்கியிருக்கின்றன.

இனி ஒரே ஒரு அடிதான். 1 + x = (1 − x²)/(1 − x). அதேபோல 1 + x² = (1 − x⁴)/(1 − x²), 1 + x³ = (1 − x⁶)/(1 − x³). வெவ்வேறு பிரிவினைகளின் பெருக்கலில் ஒவ்வொரு அடைப்புக்குறியையும் இப்படிப் பின்னமாக மாற்றி எழுதுங்கள். மேலே 2, 4, 6, 8 என்று இரட்டைப்படை அடுக்குகள் மட்டும் நிற்கும். கீழே 1, 2, 3, 4 என்று எல்லா அடுக்குகளும் நிற்கும். மேலுள்ளவை கீழுள்ள இரட்டைப்படைகளோடு அடிபட்டுப் போகும். மிஞ்சுவது கீழே 1 − x, 1 − x³, 1 − x⁵ மட்டுமே. அதுதான் ஒற்றைப்படையின் பெருக்கல். இரண்டும் ஒன்றே என்பதால் ஏழுக்கு மட்டுமல்ல, எல்லா எண்களுக்கும் ஒரே நேரத்தில் சமம் நிறுவப்பட்டுவிட்டது.

மூன்று வரியில் முடிகிற நிறுவல். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் 3+3+1க்கு மறுபக்கத்தில் யார் ஜோடி என்று கேட்டால் அது பதில் சொல்லாது. அதைச் சொல்வது கிளெய்ஷரின் கொட்டைகள். அவர் இன்னொன்றையும் கண்டார். இரண்டிரண்டாகச் சேர்ப்பதற்குப் பதில் மும்மூன்றாகச் சேருங்கள். மூன்றால் வகுபடாத எண்களாலான பிரிவினைகளும், எந்த அளவும் மூன்று தடவை வராத பிரிவினைகளும் சமமாகும். நான்குக்கு 4, 2+2, 2+1+1, நான்கு ஒன்றுகள் என்பது ஒரு பக்கம். 4, 3+1, 2+2, 2+1+1 மறுபக்கம். மூன்றுக்குப் பதில் எந்த எண்ணை வைத்தாலும் இது செல்லும்.

ஃபெரர்ஸின் படம் தோற்றுப்போனதாக மேலே விட்டுவிட்டு வந்தேன். அதை மீட்டவரும் சில்வெஸ்டர்தான். அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1882இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில், ஒற்றைப்படைப் பிரிவினையை இடப்பக்கம் ஒட்டாமல் நடுவில் நிறுத்தி வரைந்தார். ஒற்றைப்படை வரிசைக்கு நடுப்புள்ளி உண்டு; நேர்ப்புள்ளிக் கோலம் போட்டவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 7+5+3+3+1 என்ற பிரிவினையை எடுத்து, புள்ளிகளுக்குப் பதில் எண்களை இட்டிருக்கிறேன்:

```
2 2 2 1 1 1 1
  4 2 1 3 3
    2 1 3
    2 1 3
      1
```

1 என்று குறித்தவற்றைத் தொடருங்கள். நடு நிரையின் அடியில் தொடங்கி மேலே ஏறி, முதல் வரிசையில் வலப்பக்கம் திரும்புகிறது, தூண்டில் முள் போல. அதில் 8 புள்ளிகள். அடுத்தது நடுவுக்கு இடப்பக்க நிரையில் ஏறி இடப்பக்கம் திரும்புகிறது: 6. பிறகு வலப்பக்கம், இரண்டாம் வரிசையோடு: 4. பிறகு இடப்பக்கம் மிஞ்சிய ஒரே புள்ளி: 1. ஆக 19 என்பது 8+6+4+1 ஆகிவிட்டது, எல்லாம் வெவ்வேறு. ஒவ்வொரு முள்ளும் முந்தைய முள்ளுக்கு உட்புறமாக, ஒரு புள்ளியாவது குறைந்தே அமைவதால் இரண்டு சமமாக வரவே முடியாது.

கிளெய்ஷரின் விதியே இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றலாம். இது கொடுக்கும் ஜோடிகள் வேறு. 3+3+1ஐக் கிளெய்ஷர் 6+1க்கு அனுப்பினார். சில்வெஸ்டர் 4+2+1க்கு அனுப்புகிறார். அந்த வேற்றுமையில் ஒரு நுட்பம் கிடைக்கிறது. ஒற்றைப்படைப் பிரிவினையில் எத்தனை வகை அளவுகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். 3+3+1இல் இரண்டு வகை. மறுபக்கத்தில் அடுத்தடுத்த எண்களாகத் தொடரும் கோவைகள் எத்தனை என்று எண்ணுங்கள். 4+2+1இல் 4 தனி, 2உம் 1உம் ஒரு தொடர், ஆக இரண்டு. சில்வெஸ்டரின் முட்கள் இந்த எண்ணிக்கையை எப்போதும் காப்பாற்றும். 7 என்ற ஒரே வகை 4+3 என்ற ஒரே தொடராகும். ஏழு ஒன்றுகள் 7 ஆகும். மேலேயுள்ள படத்தில் 7, 5, 3, 1 என நான்கு வகை. 8, 6, 4, 1 என நான்கு தொடர். கிளெய்ஷரின் விதி இதைக் காப்பாற்றாது: ஒரே வகையான ஏழு ஒன்றுகளை அது 4+2+1க்கு, அதாவது இரண்டு தொடர்களுக்கு, அனுப்பிவிடுகிறது.

வெவ்வேறு என்றால் அடுத்தடுத்த குவியல்களுக்கிடையே குறைந்தது ஒரு கொட்டை வித்தியாசம். இரண்டு வித்தியாசம் வேண்டும் என்று கேட்டால்? ஒன்பதுக்கு 9, 8+1, 7+2, 6+3, 5+3+1 என 5 விதம். இதற்கு இணையாக மறுபக்கத்தில் நிற்பவை, 1, 4, 6, 9 ஆகிய இலக்கங்களில் முடியும் எண்களை மட்டும் கொண்ட பிரிவினைகள்: 9, 6+1+1+1, 4+4+1, ஒரு நான்கும் ஐந்து ஒன்றும், ஒன்பது ஒன்றுகள். அதுவும் 5. எல்லா எண்களுக்கும் இது செல்லும். 1894இல் லெனர்ட் ஜேம்ஸ் ராஜர்ஸ் நிறுவிய இதை யாரும் கவனிக்கவில்லை. கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், இங்கிலாந்து போவதற்கு முன்பே தாமாகக் கண்டிருந்தார், நிறுவல் இல்லாமல். 1917இல் பழைய இதழ்களைப் புரட்டியபோது ராஜர்ஸின் கட்டுரை அவர் கண்ணில் பட்டது.

இங்கே வம்சமும் இல்லை, சேர்க்கும் விதியும் இல்லை. இந்த இரண்டு பட்டியல்களுக்கும் ஒன்றுக்கொன்று ஜோடி சேர்த்துக் காட்ட 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கார்சியா, மில்ன் இருவரும் அப்போது கொடுத்த வழி, இரண்டு பட்டியல்களுக்கும் வெளியே உள்ள பெரியதொரு கூட்டத்துக்குள் போய், முன்னும் பின்னுமாகப் பலமுறை நடந்து, கடைசியில்தான் ஜோடியிடம் கொண்டுபோய் விடுகிறது. ஒன்பது கொட்டைகளைத் தரையில் போட்டு, 5+3+1க்கு எதிரே இருக்க வேண்டியது 4+4+1ஆ, 6+1+1+1ஆ என்று நான் பல மாலைகள் பார்த்திருக்கிறேன்.